மென்பொருள் எதைச் செய்யும், எதை நாம் பார்க்க வேண்டும்: நேர்காணல்களைக் குறியிடும்போது வரும் சிக்கல்கள், அறிகுறிவாரியாக

நேர்காணல்களை எழுத்தில் இறக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் "இது மறதி பற்றியது", "இது பயம் பற்றியது" என்று பெயர் ஒட்டி, பிறகு ஒரே பெயர் ஒட்டிய பகுதிகளையெல்லாம் சேர்த்துப் படிப்பதைத்தான் இங்கே குறியிடல் என்கிறேன். என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ ஆகியவை காசு கொடுத்து வாங்குபவை. குவால்கோடர், டேகெட் இரண்டும் இலவசம். எதை எடுத்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். இந்தக் கோப்பில் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்துவரை இந்தக் குறியீடு என்று மென்பொருள் குறித்துவைக்கும். கேட்கும்போது அந்தத் துண்டுகளை எடுத்துத் தரும். இதில் அது தவறுவது அரிது. தவறு நடப்பதெல்லாம் இதற்கு மேல் அதனிடம் எதையாவது எதிர்பார்க்கும்போதுதான்.

கீழே வருபவை நானும் என் சக ஆய்வாளரும் ஒரு சிறு வேலையில் சந்தித்தவை. சர்க்கரை நோய் மாத்திரையை இடையில் விட்டவர்கள் 14 பேரிடம் பேசினோம். 8 பெண்கள், 6 ஆண்கள். எல்லாம் பேச்சுத் தமிழில். குவால்கோடரில் குறியிட்டோம்.

அறிகுறி: அந்தச் சொல் இருப்பது நிச்சயம், ஆனால் தேடினால் வரவில்லை

முதலில் கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். மருந்து என்று இருக்க வேண்டிய இடத்தில் `kUe;J` என்று இருந்தால், தட்டச்சு செய்தவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் தமிழாகத் தெரியும், ஆனால் மென்பொருளுக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல்தான். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே ஏற்ற வேண்டும்.

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் தேடலில் வராமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு "ொ" என்ற ஒரே குறி வரலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தட்டச்சு செய்தவரின் விசைப்பலகை ஒரு விதமாகவும் நம்முடையது இன்னொரு விதமாகவும் போட்டிருந்தால், "கொடுத்தாங்க" என்று தேடினால் பாதி கோப்புகளில் ஒன்றுமே கிடைக்காது. ஏற்றுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர, ஒவ்வொரு கோப்புக்கும் இதை ஓட்டினால் போதும்:

```python
import unicodedata
t = open("p07.txt", encoding="utf-8").read()
t = unicodedata.normalize("NFC", t)
open("p07_nfc.txt", "w", encoding="utf-8").write(t)
```

"ஏற்றுவதற்கு முன்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த மாற்றத்தில் எழுத்துகளின் எண்ணிக்கை மாறும். குறியிட்ட பிறகு செய்தால், சேமித்துவைத்த இடங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். நிறம் தீட்டிய பகுதி ஒரு சொல்லின் நடுவில் தொடங்குவதைப் பார்த்தால், யாரோ மூலக் கோப்பில் பிற்பாடு கைவைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால், காரணம் தமிழின் விகுதிகள். "மருந்து" என்று தேடினால் "மருந்தை", "மருந்தெல்லாம்" வராது. "வீடு" என்று தேடினால் "வீட்டுல" வராது. ஆங்கிலத்துக்கு இருக்கும் சொல்வேர்த் தேடல் இங்கே கைகொடுக்காது. எங்களுக்கு உதவிய வழி எளியது. சொல்லின் கடைசி உயிர்க்குறியை விட்டுவிட்டுத் தேட வேண்டும். "மருந்த" என்று கொடுத்தால் மருந்து, மருந்தை, மருந்துக்கு எல்லாம் வந்துவிடும். "வீட" என்று கொடுத்தால் வீடும் வரும், வீட்டுலயும் வரும். முழுச் சொல்லாக மட்டுமே தேடும் மென்பொருளில் இறுதியில் ஒரு `*` போட வேண்டியிருக்கும். கூடவே "வீடியோ"வும் "மருந்தகம்" என்பதும் வந்து நிற்கும். அவற்றைக் கையால்தான் தள்ள வேண்டும்.

பைத்தானில் எழுதிய கருவிகளில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. `\bமருந்து\b` என்று கொடுத்தால் தனிச் சொல்லாக நிற்கும் "மருந்து" வராது. பைத்தானின் `re` தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. அதனால் "து" முடிந்து இடைவெளி வரும் இடத்தைச் சொல்லின் எல்லையாக அது பார்ப்பதே இல்லை. `\b` இல்லாமல் தேடிவிடுங்கள்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் ஒரு குறை இருக்கும், அதை எந்தத் தேடலாலும் தீர்க்க முடியாது. எங்கள் ஆட்கள் நீரிழிவு என்று சொல்லவே இல்லை. சுகர் என்றார்கள், சக்கரை என்றார்கள். ஓர் அம்மா கடைசிவரை "அந்த வியாதி" என்றுதான் சொன்னார். மாத்திரையை நிறுத்தியதை "நிறுத்தினேன்" என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. "போடல", "சாப்பிடறதில்ல", "அப்படியே கிடக்கு" என்றார்கள். எனவே ஒரு சொல்லைத் தேடி, வந்த எல்லாவற்றுக்கும் தானாகக் குறியீடு போடும் வசதியை நாங்கள் இரண்டாவது நாளே விட்டுவிட்டோம். தேடலை வேறு ஒன்றுக்கு வைத்துக்கொண்டோம். ஒரு நேர்காணலை முழுதாகப் படித்துக் குறியிட்ட பிறகு, எதையாவது தவறவிட்டோமா என்று சரிபார்க்க அது நல்ல துணை.

அறிகுறி: ஐந்து நேர்காணல் முடிவதற்குள் நூற்றுக்கு மேல் குறியீடுகள்

எங்களுக்கு 118 வந்தது. அதில் 64 குறியீடுகள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பயன்பட்டவை. மென்பொருளில் புதுக் குறியீடு உருவாக்குவது ஒரு சொடுக்கு வேலை, அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புதுப் பெயர் வைக்கத் தோன்றும். பட்டியலை அகரவரிசையில் பார்த்தபோது "ஞாபகம் இல்லை", "மறதி", "மறந்துவிட்டார்" என்று மூன்று தனிக் குறியீடுகள் இருந்தன.

இணைப்பது எளிது. ஒரு குறியீட்டை இன்னொன்றோடு சேர்த்துவிட்டால், அதன் துண்டுகள் எல்லாம் புதுப் பெயருக்கு மாறிவிடும். பிறகு பிரிக்க நினைத்தால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆகவே இணைப்பதற்கு முன் திட்டக் கோப்புறையை நகலெடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு குறியீடுகளின் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். பெயர்களை மட்டும் பார்த்து இணைக்காதீர்கள்.

இப்படிப் படித்ததால்தான் ஒரு தவறிலிருந்து தப்பித்தோம். "மறதி"யின் கீழ் இரண்டு வகைப் பேச்சு கலந்திருந்தது. சிலர் "மாத்திரை விட்டுப்போச்சு" என்றார்கள். சிலர் "மாத்திரைய விட்டுட்டேன்" என்றார்கள். விட்டுப்போச்சு என்றால் அது தானாக நடந்தது, சொல்பவர் கையில் இல்லை. விட்டுட்டேன் என்றால் செய்தவர் அவர்தான். ஆனால் "விட்டுட்டேன்" மட்டும் இருந்தால் அதுவும் உறுதியில்லை. பையை பஸ்சில் விட்டுட்டேன் என்றும் சொல்கிறோம், வேலையை விட்டுட்டேன் என்றும் சொல்கிறோம். முன்னால் என்ன பேசினார், எந்தக் குரலில் சொன்னார் என்று ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் பிரிக்க முடிந்தது. மாத்திரையை மறப்பவருக்குத் தேவைப்படும் உதவி வேறு, வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்குத் தேவைப்படும் உதவி வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தால் எங்கள் ஆய்வே பயனற்றுப் போயிருக்கும்.

பிரித்த பிறகு, அந்தக் குறியீட்டோடு மென்பொருள் சேர்த்துவைக்கும் குறிப்பான மெமோவில் நான்கு வரி எழுதினோம். குறியீட்டு ஏடு என்பது இதுதான், பெரிதாக ஒன்றுமில்லை:

மறதி: மாத்திரை போடும் எண்ணம் இருந்தது, நேரத்தில் நினைவு வரவில்லை.
சேர்க்க: "விட்டுப்போச்சு", "ஞாபகமே வரல".
சேர்க்காதே: போட வேண்டாம் என்று முடிவெடுத்தது, மாத்திரை கையில் இல்லாதது.
ஐயம் இருந்தால்: ஒலிப்பதிவைக் கேள், மெமோவில் நிமிடத்தைக் குறி.

118 குறியீடுகள் 26 ஆயின. ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. மென்பொருளில் நாங்கள் சொடுக்கியது அதில் பத்து நிமிடம்கூட இருக்காது.

அறிகுறி: இருவரின் ஒப்புமை 95 சதவீதம், ஆனால் கப்பா 0.42

ஒரே நேர்காணலை இருவர் தனித்தனியே குறியிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது வழக்கம். குவால்கோடரில் இதற்கென்று குறியிடுபவர்களை ஒப்பிடும் அறிக்கை இருக்கிறது. ஒப்புமைச் சதவீதம் ஒரு பத்தியிலும் `Kappa` இன்னொரு பத்தியிலும் வரும். இரண்டும் இவ்வளவு விலகி நின்றால் எதை நம்புவது?

நடந்ததைக் கணக்காகவே பார்க்கலாம். படிக்க எளிதாக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன். நேர்காணலில் 10,000 எழுத்துகள். "மறதி" என்று நான் 400 எழுத்துகளைக் குறித்தேன். சக ஆய்வாளர் 500 எழுத்துகளைக் குறித்தார். இருவரும் சேர்ந்து குறித்தது 200. நான் மட்டும் குறித்தது 200, அவர் மட்டும் குறித்தது 300, இருவருமே தொடாதது 9,300.

மென்பொருள் எழுத்து எழுத்தாக எண்ணுகிறது. இருவரும் தொடாத 9,300 எழுத்துகளும் "ஒத்துப்போனவை" ஆகிவிடுகின்றன. அதனால் 95 சதவீதம். கப்பா அந்தச் சலுகையைக் கழித்துவிட்டுப் பார்க்கும். கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் தற்செயலாக எவ்வளவு ஒத்துப்போயிருக்கும் என்று முதலில் கணக்கிடும்:

```
தற்செயல் = 0.04 × 0.05 + 0.96 × 0.95 = 0.914
கப்பா    = (0.95 − 0.914) / (1 − 0.914) = 0.42
```

சரி, 0.42 என்றால் நாங்கள் இருவரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டோமா? அப்படியும் இல்லை. துண்டுகளைத் திறந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. அவர் கதை தொடங்கும் இடத்திலிருந்து குறித்து, மறந்தது வரும் இடத்தில் நிறுத்தினார். நான் மறந்தது வரும் இடத்தில் தொடங்கி, அதற்கு அவர்கள் சொன்ன காரணம் முடியும்வரை குறித்தேன். பதில் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். எல்லைதான் வேறு.

எனவே அலகை முடிவு செய்தோம். ஒரு கேள்விக்கு வந்த ஒரு முழுப் பதிலே ஓர் அலகு. அந்த நேர்காணலில் 60 பதில்கள். நான் மறதி என்று குறித்தவை 4, அவர் குறித்தவை 5, அதில் நான்கு பொதுவானவை. மீதி 55 பதில்களில் இருவருமே குறிக்கவில்லை. இப்படி எண்ணினால் கப்பா 0.88. இருவரில் ஒருவர்கூட மனம் மாறவில்லை, ஒரு துண்டைக்கூட மறுபடி குறியிடவில்லை. எண் மட்டும் 0.42 இலிருந்து 0.88 ஆனது. அறிக்கையில் கப்பாவை எழுதும்போது அலகு எது என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த ஒத்துப்போகாத ஐந்தாவது பதில்தான். ஒரு பாட்டி சொன்னது: "அன்னிக்கு பேத்திக்குக் காய்ச்சல். ரெண்டு நாளும் அவகூடவே. மாத்திரை ஞாபகமே வரல." சக ஆய்வாளர் இதை மறதி என்று குறித்தார். "ஞாபகமே வரல" என்று ஏட்டிலேயே இருக்கிறதே என்றார். நான் இதைப் பராமரிப்புச் சுமை என்று குறித்திருந்தேன். அரை மணிநேரம் பேசினோம். பேசப் பேச, இதே மாதிரி இன்னும் இரண்டு நேர்காணல்களில் இருப்பது நினைவுக்கு வந்தது. வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது தன் மாத்திரை பின்னால் போய்விடுகிறது. கடைசியில் இரண்டு குறியீடுகளையும் அந்தப் பதிலுக்கு இட்டோம். ஒரு துண்டுக்கு இரண்டு குறியீடு வைப்பதை மென்பொருள் தாராளமாக ஏற்கும். அவை இரண்டும் சேர்ந்து வரும் இடங்களைப் பிறகு கேட்டால் எடுத்தும் தரும். சேர்ந்து வருவதற்கு என்ன பொருள் என்பதை நாம்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஒத்துப்போகாத இடங்களைத் திருத்தி எண்ணை ஏற்றுவதற்காக ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கருப்பொருள் பகுப்பாய்வில் சில மரபுகள், குறிப்பாகப் பிரௌன், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைக்கும் சுயபரிசீலனை வழி, இந்த எண்ணையே கேட்பதில்லை. உங்கள் வழி அதுவானால் கப்பாவை விட்டுவிட்டு, கருத்து வேறுபட்ட இடங்களையும் பேசி எடுத்த முடிவுகளையும் மெமோவில் எழுதிவையுங்கள்.

அறிகுறி: துண்டுகளைச் சேர்த்துப் படித்தால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னதுபோல் இருக்கிறது

"மருத்துவர்மீது நம்பிக்கை" என்ற குறியீட்டின் அறிக்கையை எடுத்தபோது அதில் ஒரு வரி இருந்தது: "பரவாயில்ல, டாக்டரம்மா சொன்னா சரிதான்." எழுத்தில் பார்த்தால் நம்பிக்கைதான். மூலக் கோப்பில் இரண்டு பதில் மேலே போனால், வரிசையில் நின்ற எல்லார் முன்னாலும் சர்க்கரை அளவைச் சொல்லித் திட்டியதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவில் அந்த வரிக்கு முன் நீண்ட மௌனம். அது நம்பிக்கை இல்லை, வாயடைத்துப்போன பேச்சு.

இதற்கு மாற்று: குறியிடும்போது கேள்வியையும் சேர்த்துக் குறியுங்கள், துண்டு சற்று நீளமாக இருக்கட்டும். எழுத்துப்படியில் மௌனத்தையும் சிரிப்பையும் அடைப்புக்குள் குறித்துவையுங்கள். அறிக்கையில் வரும் துண்டை மேற்கோளாக எடுப்பதற்கு முன், அதன்மேல் சொடுக்கி மூல இடத்துக்குப் போய் ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த வசதியை மென்பொருள் தருகிறது, நாம்தான் அவசரத்தில் பயன்படுத்துவதில்லை.

அறிகுறி: ஒரு குறியீடு மிக அதிகமாக வருகிறது, அல்லது ஓர் இடத்தில் வரவே இல்லை

"மறதி" மொத்தம் 31 இடங்களில் இருந்தது. அதுவே முதன்மைக் காரணம் என்று எழுதத் தோன்றியது. எழுதுவதற்கு முன், எத்தனை கோப்புகளில் வந்திருக்கிறது என்று பாருங்கள். குவால்கோடரில் திட்டக் கோப்புறைக்குள் `data.qda` என்று ஒரு தரவுத்தளம் இருக்கும். அதன் நகலை எடுத்து எந்த எஸ்கியூலைட் நிரலிலும் திறந்து இதைக் கேட்கலாம்:

```sql
SELECT code_name.name, COUNT(*), COUNT(DISTINCT fid)
FROM code_text JOIN code_name
  ON code_text.cid = code_name.cid
GROUP BY code_name.name;
```

முதல் எண் இடங்கள், இரண்டாவது எண் கோப்புகள். எங்களுக்கு 31, 7 என்று வந்தது. ஏழு பேர். கோப்புவாரியாகப் பிரித்தபோது, 31இல் 19 இடங்கள் ஒரே பெண்ணுடைய நேர்காணலில் இருந்தன. தனியாக வாழ்பவர், பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் ஒவ்வொரு நாளாக விவரமாகச் சொன்னார். அவர் சொன்னதற்கு மதிப்பு குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் 31 என்ற எண் மறதியின் அளவைக் காட்டவில்லை, அவர் பேசிய அளவைக் காட்டுகிறது.

அப்புறம் ஆண், பெண் என்று பிரித்து அட்டவணை எடுத்தோம். பெண்களிடம் 30, ஆண்கள் ஆறு பேரிடமும் சேர்த்து 1. குறியீட்டையும் பேசியவரின் பாலினத்தையும் குறுக்கே வைத்து இப்படி ஓர் அட்டவணை போட, காகிதத்தில் வேலை செய்தால் ஒரு வாரம் ஆகும். இங்கே ஒரு நிமிடம். அதற்காகவே இந்த மென்பொருளை நான் விடமாட்டேன்.

அந்த அட்டவணையைப் பார்த்து ஆண்கள் மறப்பதில்லை என்று எழுதலாம். எண் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் ஆண்களின் ஆறு நேர்காணல்களையும் எந்தக் குறியீட்டையும் மனதில் வைக்காமல் முதலிலிருந்து மறுபடி படித்தோம். "அவ எடுத்துக் குடுத்துடுவா", "மேசைல வெச்சிருப்பா", "பொண்ணு போன் பண்ணிச் சொல்லும்" என்று ஐந்து பேரிடம் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. யாரும் அதைத் தனியாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, அதனால் குறியிடவும் இல்லை. "எடுத்துக் கொடுப்பவர்" என்று 27ஆவது குறியீட்டை உருவாக்கி 14 நேர்காணல்களையும் மீண்டும் ஒருமுறை பார்த்தோம். பெண்கள் எட்டுப் பேரில் அப்படி ஒருவர் இருப்பதாகச் சொன்னது ஒரே ஒருவர். அவருக்கு எடுத்துக் கொடுத்தது மருமகள்.